பரிந்துரைக் கடிதம்: புகழ்ந்தால் போதுமா?

மயிலாப்பூர் சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவும் நன்னடத்தைச் சான்றும் வாங்கத் தெரிந்தவர்களுக்குக்கூட, வெளிநாட்டு வேலைக்கான பரிந்துரைக் கடிதத்தை யாரிடம், எப்படிக் கேட்பது என்பதில் குழப்பம் இருக்கிறது.

நம்பிக்கை: ஆஸ்பத்திரி சேர்மன் கையெழுத்துப் போட்டால் மதிப்பு அதிகம்.

சேர்மன் உங்களை ஒரு நைட் ஷிப்டிலாவது பார்த்திருக்கிறாரா? வெளிநாட்டிலிருந்து போன் வந்தால் அவரால் என்ன சொல்ல முடியும்? உங்கள் வேலையை நேரில் கண்ட வார்டு இன்சார்ஜ் அல்லது நர்சிங் சூப்பரின்டென்டென்ட் எழுதட்டும். தன் பதவி, எத்தனை காலம் உங்களை மேற்பார்வையிட்டார், ஆஸ்பத்திரி மின்னஞ்சல் முகவரி ஆகிய மூன்றும் அதில் இருக்கட்டும்.

நம்பிக்கை: நல்ல வார்த்தைகள் நிறைய வேண்டும்.

'கடின உழைப்பாளி, நேர்மையானவர், இனிமையாகப் பழகுவார்' என்று எந்த நர்சைப் பற்றியும் எழுதிவிடலாம். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐ.சி.யு.வில் வேலை பார்க்கும் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அவருக்கான கடிதம் இப்படி இருக்கலாம்: '12 படுக்கைகள் கொண்ட ஐ.சி.யு.வில் 3 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்டுக்கு 2 நோயாளிகள், பெரும்பாலும் வென்டிலேட்டரில் இருப்பவர்கள். சளி உறிஞ்சி எடுப்பது, சென்ட்ரல் லைன் பராமரிப்பு, டாக்டர் எழுதிய அளவு வரம்புக்குள் நார்அட்ரினலின் சொட்டு வேகத்தை மாற்றுவது ஆகியவற்றைத் தனியாகச் செய்வார்.'

நம்பகத்தன்மையையும் இதேபோல் காட்ட வேண்டும். 'பொறுப்பானவர்' என்பதைவிட, 'ஒருமுறை இன்சுலின் அளவு எழுதியதில் சந்தேகம் வந்தபோது ஊசி போடாமல் நிறுத்தி, டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டு, நடந்ததைப் பதிவேட்டிலும் எழுதினார்' என்ற ஒரு வரி மேல். நடந்திருந்தால் மட்டுமே எழுத வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

நம்பிக்கை: கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தப்பில்லை.

மாட்டிக்கொள்ளும் இடமே இதுதான். 'மூச்சுக்குழாயில் டியூப் போடுவார்' என்று ஒரு கடிதம் சொன்னால், நேர்காணல் செய்பவர் புருவத்தை உயர்த்துவார். நம் ஊர் வார்டில் அது டாக்டரின் வேலை. டியூப் போடும்போது உடனிருந்து உதவுவார் என்று எழுதினால் அதுவே போதுமான திறமை. தேதியிலும் கைவைக்கக் கூடாது. வளைகுடா நாடுகளில் உரிமம் தரும் பல வாரியங்கள், டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் வழியாக அனுபவச் சான்றை ஆஸ்பத்திரியிடமே கேட்டுச் சரிபார்க்கின்றன. ஆஸ்பத்திரி ஏடு ஒரு தேதியும் கடிதம் இன்னொரு தேதியும் சொன்னால், சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

நம்பிக்கை: பெயர் எப்படி இருந்தாலும் புரிந்துகொள்வார்கள்.

சர்டிபிகேட்டில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா சுப்பிரமணியன்' என்றிருப்பது நமக்குச் சாதாரணம். வெளிநாட்டு அலுவலருக்கு அவர்கள் இரண்டு பேர். கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரும், கூடவே கவுன்சில் பதிவு எண்ணும் இருக்கட்டும். கையெழுத்து வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.