அறுபது வயதா, பதினெட்டு இலட்சமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஈச்சிலம்பற்றிலிருந்து மூதூருக்கோ திருகோணமலைக்கோ பஸ் ஏறிப்போய் நிலையான வைப்பின் வட்டியை எடுத்துவரும் மூத்தவர்களுக்கு, 2025 ஏப்ரலுக்குப் பிறகு கையில் வரும் காசு குறைந்துவிட்டது. வங்கி வட்டியில் கழிக்கும் வரி அந்த மாதம் 1ஆம் திகதி முதல் 5 வீதத்திலிருந்து 10 வீதமானதுதான் காரணம். வருமானம் குறைந்தவர்கள் இந்தக் கழிவை நிறுத்தும்படி வங்கிக்கு எழுதிக் கொடுக்க, சுய பிரகடனம் என்ற வழியும் கூடவே திறக்கப்பட்டது. ஆனால் அதை யார் கொடுக்கலாம் என்பதில் ஊரில் நிலவும் பேச்சுக்கள் பல தவறானவை. அவற்றை நம்பி, கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் இருக்கிறார்கள். கொடுக்கக் கூடாதவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டாலும் நட்டப்படுவது முதியவர்கள்தான்.

நம்பிக்கை: அறுபது வயது கடந்தால் வட்டிக்கு வரி இல்லை.

இந்த நம்பிக்கை வெறும் வதந்தி அல்ல. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், மூத்த பிரசைகளுக்கு நிதி நிறுவனங்களிலிருந்து வரும் வட்டியில் ஆண்டுக்கு 15 இலட்சம் ரூபாய் வரை தனியான நிவாரணம் கொடுத்திருந்தது. அன்று வயதுக்கு உண்மையிலேயே மதிப்பு இருந்தது. 2019 முடிவோடு அந்த நிவாரணம் போய்விட்டது. 2020 தொடக்கத்திலிருந்து கட்டாயக் கழிவும் இல்லாததால், நிவாரணம் போனதை வைப்பாளர்கள் உணர வாய்ப்பிருக்கவில்லை. 2023 ஜனவரியில் 5 வீதக் கழிவு திரும்பி வந்தபோது வயதுச் சலுகை கூட வரவில்லை.

இதோடு தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளிலும் யூடியூப்பிலும் கேட்கிற செய்தியும் கலந்துவிடுகிறது. இந்தியாவில் அறுபது வயதானவர்கள் கொடுத்துவந்த படிவத்துக்கு 15எச் என்று பெயர். வயது குறைந்தவர்களுக்கு 15ஜி என்று வேறு படிவம். அங்கே வயது ஒரு தகுதி. இங்கே அப்படி இல்லை. நாற்பது வயதுக்காரரும் எழுபது வயதுக்காரரும் கொடுப்பது ஒரே பிரகடனம்தான். இலங்கையில் வதிபவராக இருக்க வேண்டும், அந்த மதிப்பாண்டில் மதிப்பிடத்தக்க வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டும் பொருந்தினால் போதும். மதிப்பாண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மறு மார்ச் 31 வரை.

நம்பிக்கை: வைப்பில் கிடக்கும் காசு 18 இலட்சத்தைத் தாண்டினால் பிரகடனம் கொடுக்க முடியாது.

இதுதான் ஆட்களை அதிகம் தடுக்கிற பிழை. 18 இலட்சம் என்பது முதலுக்கான எல்லை அல்ல, ஓர் ஆண்டின் வருமானத்துக்கான எல்லை. 8 வீத வட்டியில் ஆண்டுக்கு 18 இலட்சம் வட்டி வர வேண்டுமென்றால் 2 கோடி 25 இலட்சம் ரூபாய் வைப்பில் இருக்க வேண்டும். வேறு வருமானமே இல்லாத ஒருவர் 50 இலட்சம் வைத்திருந்தாலும், ஒரு கோடி வைத்திருந்தாலும் தகுதி உடையவர்தான்.

வருமானம் என்று எதைக் கூட்டுவது? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஈச்சிலம்பற்றில் வாழும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அரசாங்கப் பென்சன் மாதம் 70,000 ரூபாய். ஒரு வங்கியில் 60 இலட்சம் நிலையான வைப்பு. 8 வீதம் வட்டி, மாதாமாதம் 40,000 வருகிறது. ஒரு நிதி நிறுவனத்தில் 20 இலட்சம், 9 வீதத்துக்கு, ஆண்டுக்கு 1,80,000. மூதூரில் உள்ள சிறிய வீட்டின் வாடகை மாதம் 15,000. வயலில் செலவெல்லாம் போக ஆண்டுக்கு 1,50,000 மிஞ்சுகிறது.

முதலில் எல்லாவற்றையும் கூட்டுவோம். பென்சன் 8,40,000, வங்கி வட்டி 4,80,000, நிதி நிறுவன வட்டி 1,80,000, வாடகை 1,80,000, வயல் 1,50,000. மொத்தம் 18,30,000 வருகிறது. 18 இலட்சத்தைத் தாண்டிவிட்டது என்று ரீச்சர் பிரகடனம் கொடுக்காமல் விட்டுவிடக்கூடும். ஆனால் இலங்கை அரசாங்கம் தரும் பென்சன் வருமான வரியிலிருந்து விலக்களிக்கப்பட்டது. அது இந்தக் கூட்டலுக்குள் வரவே வராது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 9,90,000. எல்லையின் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான். அதுவரை வங்கி மாதம் 4,000 ரூபாயும், நிதி நிறுவனம் ஆண்டுக்கு 18,000 ரூபாயும் கழித்துக்கொண்டிருந்தன. சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு 66,000 ரூபாய், அவர் கட்டவே தேவையில்லாத வரி.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். விலக்கு அரசாங்கப் பென்சனுக்குத்தான். தனியார் கம்பனி ஒன்று மாதாமாதம் தரும் ஓய்வூதியத்தை அதேபோல் தள்ளிவிட்டுக் கணக்குப் போடக் கூடாது. வயலில் இலாபத்தைக் கூட்டினோம், நெல் விற்ற முழுத் தொகையை அல்ல. ஆனால் வாடகையை முழுதாகவே கூட்டினோம். வாடகைக்கு 25 வீத நிவாரணம் உண்டு என்பது உண்மை; அது மதிப்பிடத்தக்க வருமானத்தைக் கண்டபிறகு அதிலிருந்து கழிக்கும் நிவாரணம். பிரகடனத்துக்கான அளவுகோல் அதற்கு முந்திய எண். ஆகவே வாடகை அதிகமாக உள்ள ஒருவர் 18 இலட்சத்தைச் சற்றுத் தாண்டி, பிரகடனம் கொடுக்க முடியாத நிலையில் இருந்தும், கடைசியில் வரி ஏதும் கட்டத் தேவையில்லாதவராக இருக்கலாம். அவருக்கு வழி, கழித்த காசைத் திரும்பக் கேட்பது.

நம்பிக்கை: ஆண்டுக்கு இவ்வளவு வட்டி என்று பிரித்துப் போட்டால் போதும்.

மாதாமாதமோ ஆண்டுக்கொரு தடவையோ வட்டி எடுப்பவர்களுக்கு அது சரி. முதிர்ச்சியில் மொத்தமாக எடுப்பவர்களுக்கு அல்ல. தனிநபர் ஒருவரின் முதலீட்டு வருமானம், காசு கையில் கிடைக்கும் ஆண்டின் வருமானமாகவே கணக்கில் வரும்.

80 இலட்சத்தை 9 வீதத்தில் மூன்று ஆண்டுக்குப் போட்டு, முழு வட்டியையும் முடிவில் பெறும் ஒருவரை எடுப்போம். அவருக்கு வேறு வரிக்குரிய வருமானம் இல்லை. முதல் இரண்டு ஆண்டிலும் வட்டி வருமானம் பூச்சியம். மூன்றாம் ஆண்டில் 21,60,000 ஒரேயடியாக வந்து சேர்கிறது. அந்த ஆண்டில் அவர் எல்லையைத் தாண்டியவர். பிரகடனம் கொடுக்க முடியாது. வங்கி 2,16,000 கழிக்கும். அவருடைய உண்மையான வரி, 18 இலட்சத்துக்கு மேலுள்ள 3,60,000க்கு 6 வீதம், அதாவது 21,600. மீதி 1,94,400ஐ அவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடமிருந்து கேட்டுப் பெற வேண்டும். அதே காசை மாதாமாதம் வட்டி எடுக்கும் வகையில் போட்டிருந்தால் ஆண்டுக்கு 7,20,000தான். மூன்று ஆண்டும் பிரகடனம் கொடுத்திருக்கலாம், வரியும் இல்லை. முதிர்ச்சியில் எடுத்தால் வட்டி வீதம் சற்றுக் கூட என்று கவுண்டரில் சொல்லும்போது, இந்தக் கணக்கையும் மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: டின் நம்பர் எடுத்தால் வரிக்குள் மாட்டிக்கொள்வோம்.

வரி செலுத்துநர் அடையாள இலக்கம் இல்லாமல் சுய பிரகடனம் கொடுக்க முடியாது. அது ஓர் அடையாள இலக்கம். வரி உண்டா இல்லையா என்பதை வருமானம்தான் தீர்மானிக்கிறது. இந்தப் பயத்தால் டின் எடுக்காமல் இருப்பவரிடம் வங்கி எப்படியும் 10 வீதத்தைக் கழித்துக்கொண்டுதான் இருக்கிறது. வரிக்குப் பயந்து ஒதுங்கியவரே வரி கட்டிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தேசிய அடையாள அட்டை விவரங்களோடு ird.gov.lk தளத்தின் வழியாகப் பதியலாம். கைபேசியில் இதைச் செய்யத் தெரிந்த மகனோ பேத்தியோ பக்கத்தில் இருந்து உதவட்டும். ஆனால் இலக்கத்தைப் பெரியவர் தானே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நம்பிக்கை: ஒரு தடவை கொடுத்தால் என்றைக்கும் போதும்.

பிரகடனம் ஒரு மதிப்பாண்டுக்கு உரியது. அடுத்த ஏப்ரலில் புதிதாகக் கணக்குப் பார்த்துப் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு வங்கியில் கொடுத்தது இன்னொரு வங்கிக்குப் போகாது. ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுக்கும் வட்டியில் தானே கழிக்கிறது. ஆகவே நாம் பார்த்த ரீச்சர் வங்கிக்கு ஒன்று, நிதி நிறுவனத்துக்கு ஒன்று என இரண்டு இடத்திலும் கொடுக்க வேண்டும். இரண்டிலும் அவர் சொல்வது மொத்த வருமானத்தைப் பற்றி. அந்த வங்கியின் வட்டி மட்டும் 18 இலட்சத்துக்குக் குறைவு என்பது தகுதி ஆகாது. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, நான்கு வங்கியில் பெரிய வைப்புகள் உள்ளவர் நான்கிலும் கையெழுத்து வைத்தால் அது பொய்ப் பிரகடனம். சட்டத்தில் அது குற்றம்.

பிந்திக் கொடுத்தால் என்ன ஆகும்? ரீச்சர் ஜூலையில்தான் வங்கிக்குக் கொடுத்தார் என்றால், ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில் கழிந்த 12,000 ரூபாயை வங்கி திருப்பித் தராது. அந்தக் காசு ஏற்கனவே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குப் போய்விட்டது. கிளையில் வாக்குவாதப்பட்டுப் பயனில்லை. கழித்ததற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மார்ச் 31க்குப் பிறகு வருமான விபரத்திரட்டில் காட்டி மீளளிப்புக் கேட்க வேண்டும். விபரத்திரட்டுக்கான கடைசித் திகதி நவம்பர் 30.

பிரகடனம் கொடுத்த பிறகு ஆண்டின் நடுவில் வருமானம் ஏறிவிடலாம். நிலையான வைப்பு ஒன்று முதிர்ந்து பெரிய வட்டி வந்தது, கடை அறை ஒன்று வாடகைக்குப் போனது, இப்படி ஏதாவது. மொத்தம் 18 இலட்சத்தைத் தாண்டும் என்று தெரிந்த உடனே வங்கிக்கு எழுத்தில் அறிவியுங்கள். கூடிய வருமானத்துக்கான வரியை விபரத்திரட்டில் காட்டிக் கட்டலாம். கொடுத்த பிரகடனத்தின் பிரதியில் கிளையின் முத்திரையும் திகதியும் போட்டு வாங்கி, அடுத்த மாத வட்டி வந்ததும் பாஸ் புத்தகத்தில் தொகை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். ரீச்சரின் கணக்கில் 36,000க்குப் பதில் 40,000 விழுந்திருக்க வேண்டும். விழவில்லை என்றால், முத்திரை போட்ட பிரதியோடு அந்த மாதமே கிளைக்குப் போக வேண்டும்.