மழைக் கணக்கைப் படிக்கும் முறை

ஒரு நாள் பெய்யும் மழை வானிலை. ஓரிடத்தில் முப்பது ஆண்டுகளாகப் பெய்துவந்த மழையின் பொதுப்போக்கு தட்பவெப்பநிலை. கோவிலம்பாக்கத்து மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறியக் கீழ்க்கண்ட இரு அட்டவணைகள் போதும். ஊராட்சி உறுப்பினர்களும் உடனிருந்து படித்தல் நலம்.

முதல் அட்டவணை: சென்னையின் நீண்டகாலச் சராசரி மழை (சுமாராக, செ.மீ.)

ஜனவரி – பிப்ரவரி: 3
மார்ச் – மே: 6
ஜூன் – செப்டம்பர்: 44
அக்டோபர் – டிசம்பர்: 85
மொத்தம்: 138

இரண்டாம் அட்டவணை: நவம்பர் மாத மழை, சென்னை (செ.மீ.)

சராசரி: சுமார் 40
1918: 109
2015: 105

முதல் வினா: ஆண்டு மழையில் எவ்வளவு கடைசி மூன்று மாதங்களில் பெய்கிறது? 138-இல் 85, அதாவது ஐந்தில் மூன்று பங்கு. இது தட்பவெப்பநிலை கூறும் செய்தி. ஆகவே உபரிநீர்க் கால்வாய்களையும் கலிங்கலையும் செப்பனிடும் வேலை செப்டம்பருக்குள் முடிந்தாக வேண்டும்.

இரண்டாம் வினா: 2015-ஆம் ஆண்டு மழையைக் கொண்டு, தட்பவெப்பநிலை மாறிவிட்டது எனலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். 29 ஆண்டுகளில் நவம்பர் தோறும் 40 செ.மீ. பெய்து, ஓராண்டில் மட்டும் 105 செ.மீ. பெய்ததாகக் கொள்வோம். முப்பது ஆண்டுகளின் கூட்டுத்தொகை 1,265. சராசரி 42 செ.மீ. மட்டுமே. ஓராண்டின் பெருமழை சராசரியைச் சிறிதே அசைக்கிறது. 1918-இலும் அத்தகைய மழை பெய்திருக்கிறது. மாற்றத்தைக் கூற வேண்டுமாயின், பல ஆண்டுகளின் போக்கை முந்திய பல ஆண்டுகளுடன் ஒப்பிட வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டதற்கும் இதே விதி பொருந்தும்.

இனி எச்சரிக்கை ஒன்று. சராசரி என்பது எந்த ஆண்டிலும் அப்படியே பெய்வதன்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் அருகிலுள்ள தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவாயிற்று, ஓர் ஆண்டின் மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில்! சராசரிக்கு ஏற்ப மட்டும் அமைத்த கால்வாய் அந்த நாளைத் தாங்காது. பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு நீர் செல்லும் வழியை அளவிடும்போது, சராசரியோடு மிகுதியான நாள் மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நாள் கணக்கைப் படிப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். மழைமானியை காலை 8.30 மணிக்கு அளப்பது வழக்கம். முந்திய காலை முதல் அதுவரை பெய்த மழை, அளந்த நாளின் தேதியிலேயே எழுதப்படும். எனவே டிசம்பர் 1-ஆம் தேதி பகலில் பெய்த மழையை 2-ஆம் தேதிக்குரிய வரிசையில் தேடுக.

சுருங்கக் கூறின், கால்வாய் எப்போது தயாராக வேண்டும் என்பதைத் தட்பவெப்ப அட்டவணை சொல்லும். மதகை இன்று திறப்பதா என்பதை அன்றைய வானிலை அறிவிப்பே சொல்லும். ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்தலாகாது.