வலையொலித் தொடக்கத்தைத் திருத்தி எழுதும் முறை

வலையொலியின், அதாவது பாட்காஸ்ட்டின், தொடக்கவுரை பெரும்பாலும் வானொலி அறிவிப்பின் சாயலிலேயே எழுதப்படுகிறது. வானொலி நேயர் நிகழ்ச்சியின் இடையில் வந்து சேரக்கூடும் என்பதால் அங்கே பெயரும் அறிவிப்பும் தேவைப்பட்டன. வலையொலி கேட்பவரோ தலைப்பைத் திரையில் படித்த பின்னரே கேட்கத் தொடங்குவதால், அவற்றை மீண்டும் சொல்வது அவரைக் காக்க வைப்பதாகவே முடிகிறது. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோரைப் பற்றிய ஒரு பகுதி இவ்வாறு தொடங்குவதாகக் கொள்ளலாம்:

"அன்பார்ந்த நேயர்கள் அனைவருக்கும் இனிய வணக்கம். இன்றைய நிகழ்ச்சியில் ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குச் செல்வோர் எதிர்நோக்கும் சவால்களைப் பற்றி விரிவாகக் காண இருக்கிறோம்."

1. வணக்கத்தையும் நிகழ்ச்சியின் பெயரையும் 20 விநாடிகளுக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

2. 'சவால்கள்' போன்ற பொதுச்சொல்லை நீக்கி, அது குறிக்கும் ஒரு நேரத்தையோ செயலையோ அங்கே வைக்க வேண்டும். பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது என்பது போன்ற வரலாற்றுத் தகவல் உரையாடலுக்குள் வரலாமே தவிர, தொடக்கத்தில் வரக்கூடாது.

3. பலரும் இடறுவது வாக்கிய அமைப்பில்தான். எழுத்து நடையைப் பேச்சு நடையாக்குவது என்றால் விகுதிகளை மாற்றுவது என்று எண்ணி, "பாலத்தைக் கடந்து வேலைக்குப் போறவங்க எதிர்நோக்குற சவால்களைப் பத்தி விரிவா பார்க்கப் போறோம்" என்று எழுதிவிடுகின்றனர். ஒலி மாறினாலும், எச்சங்களை அடுக்கி வினையைக் கடைசிவரை ஒத்திப்போடும் எழுத்து வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்பதால், இதுவும் வாசிப்பதுபோலவே கேட்கும். பேசுகிறவர் ஒரு செய்தியைச் சொல்லி முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்வார் என்பதால், வாக்கியத்தை உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே செய்தியை ஒதுக்க வேண்டும்:

"விடியக்காலை நாலரை மணி. பெர்மாஸ் ஜெயாவுல இன்னும் இருட்டுதான். ஆனா மோட்டாருங்க கெளம்பிடுச்சு. எல்லாம் பாலத்துக்குத்தான். ஏழு மணி வேலைக்கு இவ்வளவு சீக்கிரமா? பத்து நிமிஷம் பிந்தினா என்ன ஆகும்னு, தினமும் போறவர்கிட்டயே கேட்போம். வணக்கம்..."

இங்கே கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது இறுதிக் கேள்வியே. அதற்கான விடை உரையாடலின் முதற்பகுதியிலேயே வந்துவிட வேண்டும், இல்லையெனில் அது வெறும் தூண்டில் என்பது கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

4. பதிவின்போது முழு உரையையும் கண்முன் வைத்துக்கொள்ளக் கூடாது. 'நாலரை, மோட்டார், பத்து நிமிஷம்' என்ற மூன்று குறிப்புகள் போதும். சொற்கள் ஒவ்வொரு முறையும் சற்று மாறுவது குறையன்று.

பதிவைக் கேட்கும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் குரல் ஒரே அளவில் தாழ்ந்தால், பேசியவர் தாளைப் பார்த்து வாசித்திருக்கிறார் என்று பொருள். அத்தகைய பதிவை வெட்டி ஒட்டிச் சீர்செய்வதைவிட, தாளை மூடிவிட்டு மறுபடியும் பேசுவதே விரைவான வழியாகும்.