கல்யாணப் படத்துக்கு விலை உயர்ந்த போன் தேவையா?

தங்கை கல்யாணத்துக்கு 80,000 ரூபாய் போன் வாங்கலாமா, 20,000 ரூபாய் போன் போதுமா என்று கேட்டீர்களே அக்கா, நீங்கள் எங்கே நின்று படம் எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் நின்று எடுத்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில்தான் தெரியும். மேடையை வீடியோக்காரர்கள் மறைத்துக்கொள்வார்கள், நாலாவது வரிசையில் இருந்தால் ஜூம் செய்யத்தான் வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் தொலைவுக்கென்று தனி லென்ஸ் கிடையாது. இருக்கிற படத்தையே வெட்டிப் பெரிதாக்குவதால் முகம் மெழுகு பூசியதுபோல் வரும்.

விலை உயர்ந்த போனிலும் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறைந்தால் அதுவும் பல நேரம் தொலைவு லென்ஸை விட்டுவிட்டு முதன்மைக் கேமராவுக்கே தாவிவிடும். கடையில் மங்கலான மூலையில் 3x வைத்து, தொலைவு லென்ஸை மட்டும் விரலால் மூடிப் பாருங்கள். திரை இருட்டாகாவிட்டால் அந்த லென்ஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்படியே ஒருவரைக் கையசைக்கச் சொல்லிப் படம் எடுங்கள். விரல்கள் கலங்கினால் அட்சதை தூவும் கைகளும் கலங்கும்.

மணமகளின் அக்காவான உங்களுக்கு மேடையிலேயே இடம் இருக்கும். அதனால் 20,000 ரூபாய் போனே போதும்.