சீராக்கிய சராசரியும் அதன் முறையான அறிக்கையும்

தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிஞர் ஈடன் என்பார், பரிகாரம் எதுவும் இடாத 16 பாத்திகளின் விளைவை அடுத்தடுத்த காலங்களில் அளந்து 1931 இல் வெளியிட்டார். முன்னர் மிகுதியாய்க் கொழுந்து தந்த பாத்தி பின்னரும் மிகுதியாய்த் தருதல் அவ்வளவைகளிற் புலனாயிற்று. பிஷர் என்னும் புள்ளிவிபர மேதை அவற்றைத் தம் நூலில் எடுத்தாண்டு, உடன்மாறற் பகுப்பை விளக்கினார்.

அம்முறையை அறிக்கையாக எழுதும் வகையை, நாம் விளக்கத்துக்கென அமைத்த எண்களாற் காண்போம். 16 பாத்திகளுள் எட்டுக்கு அ உரமும் எட்டுக்கு ஆ உரமும் திருவுளச்சீட்டு முறையில் இடப்பட்டன என்க. பின்விளைவின் சராசரி அ 108, ஆ 100. முன்விளைவின் சராசரியோ அ 104, ஆ 96. ஆகவே அ முதலிலேயே நற்பாத்திகளைப் பெற்றிருந்தது.

முன்விளைவைத் துணைமாறியாகக் கொண்டதன் நியாயத்தை அறிக்கை முதலிற் கூறல் வேண்டும். அது பின்விளைவோடு நெருங்கிய தொடர்புடையது. உரமிடுமுன் அளக்கப்பட்டமையால் உரம் அதனைத் தீண்டவில்லை. அதனைப் பயன்படுத்துதல் முன்னரே தீர்மானிக்கப்பட்டது. உரமிட்டபின் எண்ணிய தளிர்த்தொகையைத் துணைமாறியாக்கின், உரத்தின் பயனையே நாம் கழித்துவிடுவோம்.

அடுத்துச் சாய்வுகளைச் சோதித்தல் வேண்டும். முன்விளைவு ஓரலகு கூடப் பின்விளைவு அ உரத்தில் 0.85 உம், ஆ உரத்தில் 0.95 உம் கூடுகின்றன. வேறுபாடு 0.10, அதன் நியம வழு 0.22. எனவே 95 வீத எல்லைகள் −0.38, 0.58 ஆகும். சாய்வுகள் சமமல்ல என்பதற்குச் சான்றில்லை. ஆயினும் சமமென நிறுவப்பட்டதுமில்லை. சிறு சோதனை பெரு வேறுபாட்டையுந் தவறவிடக்கூடும். ஆதலின் எல்லைகளையும் எழுதுக. ஒரு சாய்வு 0.3, மற்றையது 1.5 என வந்திருப்பின், உரங்களின் வேறுபாடு பாத்தியின் வளத்துக்கேற்ப மாறும். அப்போது ஒரே வேறுபாட்டைக் கூறல் பொருந்தாது.

இங்கே பொதுச்சாய்வு 0.9, முன்விளைவின் முழுச் சராசரி 100. அ உரத்துக்கு 108 − 0.9 × 4 = 104.4, ஆ உரத்துக்கு 100 + 0.9 × 4 = 103.6. எட்டாகத் தோன்றிய வேறுபாடு 0.8 ஆயிற்று.

அறிக்கை வாசகம் பின்வருமாறு அமையலாம்: “முன்விளைவு 100 ஆகுமிடத்துச் சீராக்கிய சராசரிகள் அ 104.4, ஆ 103.6, வேறுபாடு 0.8, நியம வழு 2.3, 95 வீத எல்லைகள் −4.2, 5.8.” சீராக்காத 108, 100 என்பவற்றையும் அருகே தருதல் வேண்டும். அவை இல்லாவிடின், எட்டு எவ்வாறு 0.8 ஆயிற்று என்பதை வாசகர் தாமே சரிபார்த்தல் இயலாது.