முதல் சல்யூட் யாருடையது?

2021 ஜனவரியில் திருப்பதியில் எடுத்த ஒரு படம் நாடெங்கும் கைபேசிகளில் சுற்றியது. ஆந்திரக் காவல்துறையின் பணித்திறன் போட்டி நடந்த இடம். சர்க்கிள் இன்ஸ்பெக்டரான அப்பா, டிஎஸ்பியான மகளுக்கு விறைப்பாகச் சல்யூட் அடிக்கிறார். மகள் சிரித்த முகத்தோடு பதிலுக்கு அடிக்கிறார்.

வயதில் பெரியவரைக் கண்டால் சின்னவர் எழுந்து வணக்கம் சொல்லும் ஊரில் வளர்ந்த கண்ணுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். அப்பா பணிந்துபோய்விட்டார் என்று அந்தப் படத்தைப் படிக்கத் தோன்றும். சீருடைப் பணிகளின் வணக்க முறை பற்றிய பெரும்பாலான தவறான நம்பிக்கைகள் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன. சல்யூட் ஆளுக்கு அடிப்பது என்று நினைக்கிறோம். அது ஆளுக்கு அல்ல, தோளில் இருக்கும் பதவிக்கு.

ராணுவத்தில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அதிகாரி என்பவர் குடியரசுத் தலைவரின் பெயரால் கமிஷன் பெற்றவர். அவருக்கு அடிக்கும் சல்யூட் அந்த அதிகாரத்துக்கு அடிப்பது. சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிகிற நாளன்று பெற்றோர் தங்கள் பிள்ளையின் தோளில் மூடியிருக்கும் துணியை எடுத்து நட்சத்திரங்களைத் திறந்து வைப்பார்கள். முந்தின நாள் வரை மைதானத்தில் அந்தப் பிள்ளையை அதட்டி, ஓடவிட்டு, வியர்க்க வைத்த டிரில் உஸ்தாத் அதே இடத்தில் நிற்பார். அணிவகுப்பில் இருபது வருடம் ஊறியவராகக்கூட அவர் இருக்கலாம். இனி முதல் சல்யூட் அவருடையது. எதிரே நிற்பவருக்கு வயது இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ. யாரும் யாரையும் விடச் சிறந்தவராகிவிடவில்லை. இனி யாருடைய ஆணையை யார் நிறைவேற்ற வேண்டும் என்பது மட்டும் முடிவாகியிருக்கிறது. குண்டு பறக்கும் இடத்தில் வயதையும் அனுபவத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது என்பதால் அதை முன்கூட்டியே பழக்கத்தில் ஏற்றிவிடுகிறார்கள்.

அடுத்த நம்பிக்கை: கீழே இருப்பவர்தான் அடிக்க வேண்டும், மேலே இருப்பவர் விரும்பினால் தலையசைக்கலாம். இது சினிமா கற்றுக்கொடுத்தது. வில்லன் அதிகாரி சல்யூட்டைக் கவனிக்காமல் விறுவிறுவென்று நடந்து போவார், நமக்கும் அதுதான் கெத்து என்று பதிந்துவிட்டது. உண்மையில் கீழ்ப்பதவியில் இருப்பவர் தொடங்க வேண்டும் என்பது எவ்வளவு கட்டாயமோ, மேலதிகாரி திருப்பி அடிக்க வேண்டும் என்பதும் அவ்வளவு கட்டாயம். எதிரே வரும் அதிகாரிக்கு மூன்று தப்படி முன்பாகவே சிப்பாயின் கை உயர்ந்துவிட வேண்டும். கூடவே முகமும் அவர் பக்கம் திரும்ப வேண்டும். கண்ணைப் பார்க்காமல் அடிப்பது அரைகுறை சல்யூட். அதிகாரிகள் பலர் சேர்ந்து நடந்தால் அவர்களில் மூத்தவர் மட்டும் பதில் தருவார். சிப்பாய்கள் அணியாகப் போனால் அணித்தலைவர் மட்டும் அடிப்பார். எல்லோரும் கையைத் தூக்கினால் வழியில் வேலை நடக்காது.

வாயிலில் துப்பாக்கியோடு நிற்கும் காவல் வீரரின் நிலை வேறு. அவர் கையை நெற்றிக்குக் கொண்டுபோக மாட்டார், துப்பாக்கியாலேயே மரியாதை செய்வார். அதிலும் பதவிக்கேற்ற இரண்டு தரம் உண்டு. பிரிட்டிஷ் மரபில் கேப்டன் வரை உள்ளவர்களுக்குத் துப்பாக்கியின் கட்டைமேல் கையறையும் ‘பட் சல்யூட்’. மேஜரும் அதற்கு மேலும் வந்தால் துப்பாக்கியை உடலுக்கு முன் செங்குத்தாகப் பிடிக்கும் ‘பிரசென்ட் ஆர்ம்ஸ்’. வருபவரின் தோளை எட்டத்திலேயே படித்துவிட வேண்டும் என்பதால் காவல் வீரருக்கு இது கண்ணுக்கான பரீட்சையும்கூட.

கையால் அடிக்கும் சல்யூட் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பிரபலமான கதை இருக்கிறது. இரும்புக் கவசம் அணிந்த ஐரோப்பிய வீரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது முகமூடியைத் தூக்கிக் காட்டினார்களாம், அதுவே சல்யூட் ஆனதாம். கேட்க அழகாக இருக்கிறது, ஆதாரம்தான் இல்லை. கையில் கிடைக்கும் சான்று இதைவிடச் சாதாரணமானது. பிரிட்டிஷ் படையில் மேலதிகாரியைக் கண்டால் தொப்பியைக் கழற்றுவது வழக்கமாக இருந்தது. 1745-இல் கோல்ட்ஸ்ட்ரீம் கார்ட்ஸ் படைப்பிரிவு, இனித் தொப்பியைக் கழற்ற வேண்டாம், கையைத் தொப்பிக்குக் கொண்டுபோய்க் குனிந்தால் போதும் என்று ஆணையிட்டது. தொப்பியைக் கழற்றும் மரியாதையின் சுருக்கம்தான் சல்யூட் என்பதைப் பார்த்தால் இன்னொரு விதி விளங்கிவிடும். இந்தியப் படைகளில் தலையில் தொப்பியோ தலைப்பாகையோ இல்லையென்றால் கைச் சல்யூட் கிடையாது. விறைத்து நின்று ‘ஜெய் ஹிந்த்’ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெறுந்தலையோடு நெற்றியில் கைவைக்கும் நம் திரைப்படக் கதாநாயகர்களை ஒரு சுபேதார் பார்த்தால் என்ன சொல்வார் என்று எழுத இந்தப் பக்கம் இடம் தராது.

பதவியை மீறும் சல்யூட்டே இல்லையா? பதக்கம் பெற்றவர் சிப்பாயாக இருந்தாலும் தளபதியே முதலில் அடிக்க வேண்டும் என்ற பேச்சு பரவலாக உண்டு. பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் விருதுக்கான ஆணையில் அப்படி ஒரு விதி இல்லை. மரியாதை கருதி மேலதிகாரிகள் செய்வது வழக்கம், அவ்வளவே. அமெரிக்காவின் மெடல் ஆஃப் ஆனர் கதையும் இதுதான்: ஊக்குவிக்கப்படும் மரபு, சட்டமில்லை.

பதவி முழுக்க விலகி நிற்கும் இடம் மரணம். வீரமரணம் அடைந்த சிப்பாயின் உடலுக்கு ஜெனரலும் சல்யூட் அடிப்பார், பதில் சல்யூட் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. 2015 ஜூலை 28 அன்று அப்துல் கலாமின் உடல் டெல்லி பாலம் விமான நிலையத்துக்கு வந்தபோது, விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் அங்கே சக்கர நாற்காலியில் வந்திருந்தார். வயது 96. இந்தியாவில் ஐந்து நட்சத்திரப் பதவி பெற்றவர்கள் மூன்றே பேர்: கரியப்பா, மானெக்‌ஷா, அர்ஜன் சிங். விமானப்படையில் அவருக்கு மேல் பதவியே கிடையாது. ஆனாலும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, நடுங்கும் கையை நெற்றிக்கு உயர்த்தினார்.

கடைசியாக, படித்தவர்களையும் வழுக்க வைக்கும் ஒரு நம்பிக்கை: பதவிப் பெயர் ஒன்றாக இருந்தால் தரமும் ஒன்று. தரைப்படைக் கேப்டன் தோளில் மூன்று நட்சத்திரங்கள் இருக்கும். அவருக்கு நிகரானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட். கடற்படைக் கேப்டனோ நான்கு பட்டைகள் அணிந்தவர், தரைப்படைக் கர்னலுக்குச் சமம். இடையில் இருக்கும் லெப்டினன்ட் கமாண்டருக்கு இரண்டரைப் பட்டைதான், அவர் தரைப்படை மேஜருக்கு நிகர். ஆகவே விசாகப்பட்டினத்துக் கடற்படைத் தளத்தில் ஒரு தரைப்படைக் கேப்டன் நடந்துபோனால், எதிரே ‘லெப்டினன்ட்’ என்று தொடங்கும் பெயரோடு இரண்டரைப் பட்டைக்காரர் வந்தாலும் முதலில் கை உயர வேண்டியது கேப்டனுடையதுதான். பெயரைக் கேட்டு முடிவு செய்பவர் மாட்டிக்கொள்வார். தோளைப் பார்ப்பவர் தப்பிப்பார்.