பச்சோலி: இலை தரும் நறுமணம்

தமிழில் பச்சை எனப்படும் நிறம் தெலுங்கில் 'பச்ச' எனப்படும். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நமக்கு இது புதிதன்று. உலகெங்கும் வாசனைப் பொருள் செய்வோர் பயன்படுத்தும் 'பச்சோலி' என்னும் சொல்லும் தமிழிலிருந்து சென்றதே என அகராதிகள் கூறுகின்றன. பச்சை இலை என்பதே அதன் பொருள் என்பர் பலர்.

பச்சோலி துளசிக் குடும்பத்துச் செடி. இதன் மணம் பூவில் இல்லை, இலையில் உள்ளது. இலைகளை நிழலில் உலர்த்தி, பல மணி நேரம் நீராவியில் வடித்து எண்ணெய் எடுக்கின்றனர். இன்று இந்தோனேசியாவே இதனை மிகுதியாக விளைவிக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காசுமீரச் சால்வைகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. பூச்சி அரிக்காதிருக்க மடிப்புகளுக்கிடையே உலர்ந்த பச்சோலி இலைகளை வைத்தனர். அந்த மணம் வீசினால்தான் உண்மையான இந்தியச் சால்வை என்று அங்குள்ளோர் நம்பினர். போலிச் சால்வை நெய்தவர்களும் பச்சோலி மணத்தை ஏற்றி விற்றனராம்!

அதே மணத்தைச் சிலர் இன்று வெறுப்பதேன்? மழையில் நனைந்த மண், கருப்பூரம், நெடுநாள் பூட்டிய மரப்பெட்டி ஆகிய மூன்றும் கலந்தாற்போன்றது அது. பாட்டியின் பெட்டியை நினைப்பவருக்கு அது இனிக்கும். பூசணம் பிடித்த அறையை நினைப்பவருக்குக் குமட்டும். மேலும் 1960களில் மேலைநாட்டு 'ஹிப்பி' இளைஞர்கள் இவ்வெண்ணெயைத் தனியாகவே பூசிக்கொண்டனர். அதனால் அவர்களை விரும்பாதவர்கள் மணத்தையும் வெறுத்தனர். அளவும் ஒரு காரணம். கலவையில் சிறிதளவு சேர்ந்தால் பிற மணங்களைத் தாங்கி நிற்கும் பச்சோலி, மிகுந்தால் அவற்றை மூடிவிடும்.

ஒரு தாள் துண்டில் ஒரு துளி இட்டு முகர்ந்து பாருங்கள். முதலில் காரமான கருப்பூர நெடி எழும். ஒரு மணி நேரத்தில் அது தணியும். மறுநாள் மென்மையான மரமணம் எஞ்சும். எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதலில் பறந்துவிட, 'பச்சோலால்' போன்ற கனமான பொருள்கள் தங்குவதே இதற்குக் காரணம்.

குப்பிக்குள்ளும் மாற்றம் நிகழ்கிறது, ஆனால் மிக மெதுவாக. புதிய எண்ணெயின் பச்சை நெடியும் முரட்டுத்தன்மையும் ஆண்டுகள் செல்லச்செல்லக் குறையும். எண்ணெய் தடித்து, மணம் இனிமை பெறும். பெரும்பாலான எண்ணெய்கள் பழையதானால் கெடும், பச்சோலியோ தேறும். எனினும் நன்கு உலராமல் பூசணம் பூத்த இலையிலிருந்து வடித்த எண்ணெயின் முடைநாற்றத்தைக் காலம் போக்காது. எலுமிச்சை மணத்துடன் பச்சோலியைக் கலந்த வாசனைநீரும் அவ்வாறே: பச்சோலி நிலைக்கும், எலுமிச்சை மணமோ கெட்டுப்போகும். அத்தகைய குப்பியை வெயில் படும் சன்னலருகே வைத்தல் ஆகாது.

அருஞ்சொற்பொருள்: முகர்தல் – மூக்கால் மணத்தை அறிதல், நெடி – காரமான மணம், முடைநாற்றம் – தீய நாற்றம்.

வினாக்கள்
1. போலிச் சால்வைக்குப் பச்சோலி மணம் ஏன் தேவைப்பட்டது?
2. தாளில் இட்ட துளியின் மணம் மறுநாள் மாறியிருப்பது ஏன்?
3. உங்களுக்குப் பிடித்து, வீட்டில் மற்றொருவருக்குப் பிடிக்காத மணம் எது? இருவர் காரணத்தையும் ஐந்து வரிகளில் எழுதுக.